வினாத்தாளும் நாற்காலியும்

ஆண் அழகைத் தேடுகிறான். பெண் ஆதரவைத் தேடுகிறாள். இது மனித சுபாவம். இதை மாற்ற எவராலும் இயலாது. இப்படியொரு வாதம் நெடுங்காலமாக உலவி வருகிறது. முன்பு இதைச் சாத்திரத்தின் பெயரால் சொன்னார்கள். இன்று விஞ்ஞானத்தின் பெயரால் சொல்கிறார்கள். சாத்திரத்தின் பெயரால் பேசியவர்களிடம் ஆதாரம் கேட்பது அபசாரமாகக் கருதப்பட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் பேசுபவர்களிடம் "அது உங்களுக்கு எவ்விதம் தெரிந்தது?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையை நாம் இங்கே பயன்படுத்த விரும்புகிறோம்.

இவ்வாதத்தின் தற்காலத் தூணாக நிற்பது, அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. முப்பத்தேழு பண்பாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் அதிகமான மக்களிடம் வினாத்தாள்கள் கொடுக்கப்பட்டன. வாழ்க்கைத் துணையிடம் எந்தக் குணத்தை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறீர்கள் என்று வினவப்பட்டது. ஆண்கள் தோற்றப் பொலிவுக்கும், பெண்கள் சம்பாதிக்கும் ஆற்றலுக்கும் ஒப்பீட்டளவில் கூடுதலான மதிப்பளித்தனர். இத்தனை நாடுகளில் ஒரே போக்குக் காணப்படுவதால், மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து இனப்பெருக்கத்தின் தேவையால் நம் நெஞ்சில் பதிந்த விருப்பங்களே இவை என்று முடிவுகட்டப்பட்டது.

வினாத்தாள்களில் மக்கள் எழுதியவை பொய் என்று நாம் கூறவில்லை. அப்படி எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால், "எனக்கு இத்தகைய துணை வேண்டும்" என்று ஒருவர் கடதாசியில் எழுதுவது எதற்குச் சாட்சி? அவர் நாளை யாரை விரும்புவார் என்பதற்கா? அல்லது, ஆண் என்றால் இதை விரும்புவான், பெண் என்றால் இதை விரும்புவாள் என்று அவரைச் சூழ்ந்த சமுதாயம் அவருக்குச் சொல்லிவைத்ததற்கா? உற்பத்திச் சாதனங்கள் பெரும்பாலும் ஆண்களின் கையில் இருக்கும் உலகில், துணையின் சம்பாத்தியத்தைப் பற்றிப் பெண் கூடுதலாக யோசிப்பதை விளங்கிக்கொள்ள ஆதிகாலத்துக் காடுகளுக்குப் போகவேண்டிய அவசியமில்லை. எனினும் இது நமது ஊகத்துக்கு அவர்களது ஊகத்தை நிறுத்துப் பார்க்கும் வேலையாகவே முடியும். தீர்ப்பு வேண்டுமானால், மக்கள் சொன்னதையும் செய்ததையும் ஒரே ஆளிடத்தில், ஒன்றுக்கொன்று எதிரே வைத்து அளக்கவேண்டும்.

அவ்விதம் அளப்பதற்கு வாய்த்த களம், நம் நண்பர்கள் பலர் கேட்டவுடன் முகஞ்சுளிக்கக்கூடிய ஒன்று. ஸ்பீட் டேட்டிங் என்று அதற்குப் பெயர். விரைவுச் சந்திப்பு என்று நாம் சொல்லலாம். செல்வந்த நாடுகளின் தனிமைக்குக் கிடைத்த அவசர வைத்தியம் என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதன் பிறப்பு அவ்வளவு கேளிக்கையானதன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து யூத மதகுருவான யாக்கோவ் டேயோ என்பவர், தமது சமூகத்து இளைஞர் தமக்குள்ளேயே மணஞ்செய்துகொள்ள வழி தேடி, 1998இல் பெவர்லி ஹில்ஸில் ஒரு கோப்பிக் கடையில் அதைத் தொடக்கினார். அதாவது, அது பிறக்கும்போதே பழைய கலியாணத் தரகின் ஒரு புதிய உருவம். பெண்கள் ஒரு வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஆண்கள் ஒவ்வொரு மேசையாக நகர்வார்கள். சில நிமிடங்கள் பேச்சு. மணி அடித்ததும் அடுத்த மேசை. முடிவில் ஒவ்வொருவரும் யாரை மறுபடி காண விருப்பம் என்று குறித்துக் கொடுப்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் குறித்திருந்தால் மாத்திரமே தொடர்புகொள்ள வழி செய்யப்படும்.

ஆராய்ச்சியாளனுக்கு இதில் ஓர் அரிய வசதி இருக்கிறது. சாதாரண வாழ்க்கையில், இணைந்தவர்களையே நாம் காண்கிறோம், நிராகரிக்கப்பட்டவர்கள் பதிவாவதில்லை. ஒரு பெண் ஏன் இவனை மணந்தாள் என்று கேட்கலாம்; மணக்காமல் விட்ட பன்னிரண்டு பேரை எங்கே தேடுவது? விரைவுச் சந்திப்பில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே மாலையில், ஒரே அறையில், ஒரே அளவு நேரம் பெற்றவர்களாக இருக்கிறார்கள். ஏற்பும் மறுப்பும் ஒன்றுபோலப் பதிவாகின்றன. போதாததற்கு, இருபக்கத்தவரின் அபிப்பிராயமும் கிடைக்கிறது.

இந்த வசதியைத் திறம்படப் பயன்படுத்தியவர்கள் போல் ஈஸ்ட்விக், எலி பிங்கெல் என்ற இருவர். சிக்காகோவை அடுத்த எவன்ஸ்டனில் உள்ள நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் 2005இல் அவர்கள் ஏழு சந்திப்புகளை நடத்தினார்கள். 163 மாணவர்கள் பங்குபற்றினர். ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. முடிவுகள் 2008இல் வெளியாயின.

நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வாதத்தின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சந்திப்புக்குச் சில நாள்கள் முன்பே ஒவ்வொரு மாணவரும் வினாத்தாள் ஒன்றை நிரப்பினார். தோற்றப் பொலிவு, சம்பாதிக்கும் வாய்ப்பு, இனிய சுபாவம் முதலியன தமது இலட்சியத் துணையிடம் எவ்வளவு முக்கியம் என்று ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளியிட்டார். சந்திப்பன்று ஒவ்வொருவருடனும் நான்கு நிமிடம் பேசினார். பேசி முடிந்த கையோடு, எதிரே இருந்தவர் எவ்வளவு அழகு, எவ்வளவு முன்னேறக்கூடியவர், எவ்வளவு இனியவர் என்றும், அவர்மேல் தமக்கு எவ்வளவு நாட்டம் உண்டாயிற்று என்றும் புள்ளியிட்டார். அன்றிரவே யாரை மறுபடி காண விருப்பம் என்று தெரிவித்தார். அதன்பின்னர் ஒரு மாத காலம், சில நாள்களுக்கு ஒருமுறை, சந்திப்பில் கண்டவர்களைப் பற்றியும் வேறிடத்தில் அறிமுகமானவர்களைப் பற்றியும் வினாக்களுக்கு விடையளித்து வந்தார்.

முன்கூட்டி நிரப்பிய தாளைப் பார்த்தபோது, பஸ் கண்டதே இங்கும் கண்டது. ஆண்கள் அழகுக்குக் கூடிய புள்ளி. பெண்கள் சம்பாத்தியத்துக்குக் கூடிய புள்ளி. ஆகவே இந்த மாணவர்கள் விசித்திரப் பிறவிகள் என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது. உலகம் எழுதியதையே அவர்களும் எழுதினார்கள்.

இனி, எழுதியதைச் செயலோடு எவ்வாறு ஒப்பிடுவது? ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் சம்பாதிக்கும் வாய்ப்புக்கு ஒன்பது புள்ளி இட்டவள். பன்னிரண்டு ஆண்களோடு பேசினாள். அவர்களுள் சிலருக்கு, "இவன் முன்னுக்கு வரக்கூடியவன்" என்று எட்டு, ஒன்பது புள்ளி கொடுத்தாள். சிலருக்கு மூன்று, நான்கு. அவளுடைய தாள் அவளை ஆள்கிறது என்றால், முன்னேற்றத்துக்கான புள்ளி ஏற ஏற அவளுடைய நாட்டமும் செங்குத்தாக ஏறவேண்டும். அவளுக்கு அடுத்த நாற்காலியில், சம்பாத்தியத்துக்கு மூன்றே புள்ளி இட்ட வேறொருத்தி இருக்கிறாள். அவளிடத்தில் அந்த ஏற்றம் சரிவாக, அநேகமாகத் தட்டையாக இருக்கவேண்டும். இருவருடைய ஏற்றத்தையும் ஒப்பிட்டுவிட்டால் போதும். ஒருத்தி யாரைத் தேர்ந்தாள் என்பது இங்கே வினாவன்று. அவளுடைய நாட்டம் எந்தக் குணத்தின் பின்னால் போயிற்று என்பதே வினா.

விடை என்ன? இருவருடைய ஏற்றத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. ஒன்பது இட்டவள், மூன்று இட்டவளைக் காட்டிலும் சம்பாத்தியத்தால் அதிகமாக இழுபடவில்லை. அழகே பிரதானம் என்று எழுதியவன், அழகு இரண்டாம் பட்சம் என்று எழுதியவனைக் காட்டிலும் அழகால் அதிகமாக இழுபடவில்லை. தனிமனிதர்களை விட்டு ஆண், பெண் என்று இரு பகுதியாகப் பிரித்துப் பார்த்தாலும் அதுவே கதை. தோற்றப் பொலிவு நாட்டத்தை வலுவாகத் தூண்டிற்று. ஆனால் ஆண்களிடத்தில் எவ்வளவோ பெண்களிடத்திலும் அவ்வளவு. சம்பாதிக்கும் வாய்ப்பு சிறிதளவு தூண்டிற்று; அதுவும் இரு பகுதியிலும் ஒரே அளவு. வினாத்தாளில் நிமிர்ந்து நின்ற ஆண்-பெண் பேதம், எதிரே ஒரு முகம் வந்து அமர்ந்ததும் மறைந்தது. ஈஸ்ட்விக்கும் அவரது சகாக்களும் இவ்வகை ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2014இல் கணித்தபோதும், இரு பாலாரிடையே இருந்த வித்தியாசம் மிகச் சிறியதாகவே நின்றது.

இதைக் கேட்டவுடன் இருவகை மறுப்புகள் எழும். அப்படியானால் மக்கள் பொய் எழுதினார்கள் என்பது ஒன்று. பொய் சொல்லி அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அந்தத் தாளை எதிரே இருந்தவர் பார்க்கப்போவதுமில்லை. அவர்கள் நம்பியதையே எழுதினார்கள். தம்மைப் பற்றித் தாம் வைத்திருந்த கொள்கையை எழுதினார்கள் என்று சொல்வதே பொருத்தம். நான்கு நிமிடத்தில் எவரும் எவருடைய சம்பாத்தியத்தையும் அறியமுடியாது என்பது மற்றது. இது சற்றுக் கனமான மறுப்பு. ஆனால் ஆய்வாளர் கேட்டது, எதிரே இருந்தவரின் சம்பாத்தியம் உண்மையில் எவ்வளவு என்றன்று. "இவன் முன்னேறுவான் என்று உனக்குத் தோன்றுகிறதா" என்றே கேட்டார்கள். தோன்றியிருக்கிறது, வேறுவேறு ஆளுக்கு வேறுவேறு விதமாகத் தோன்றியிருக்கிறது. அந்தத் தோற்றம் நாட்டத்தைப் பெரிதாக அசைக்கவில்லை. மேலும், மாதம் முழுவதும் தொடர்ந்து கேட்டபோதும் தாளின் ஆட்சி திரும்பி வரவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒருவர்மேல் நாட்டம் உண்டானபின், அவரிடம் எல்லா நற்குணங்களும் இருப்பதாகத் தோன்றுவது மனித வழக்கம். நாட்டத்தையும் குணத்தையும் ஒரே கை புள்ளியிடும்போது, இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். இதனால் நாம் மேலே சொன்ன ஏற்றங்கள் உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியலாம். இக்குறையைத் தவிர்க்க, மற்ற அனைவரும் ஒருவருக்கு இட்ட புள்ளிகளின் சராசரியைக் கொண்டு கணிப்பது ஒரு வழி. அவ்வழியில் சென்றவர்களைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

தாள் எங்கே ஆட்சி செலுத்துகிறது, எங்கே இழக்கிறது என்பதைத் துலக்கமாகக் காட்டிய இன்னொரு சோதனை 2011இல் வெளிவந்தது. ஈஸ்ட்விக், பிங்கெல் ஆகியோரோடு அலிஸ் ஈக்லி என்ற உளவியலாளரும் சேர்ந்து செய்தது. ஒருவருக்கு இன்னொருவரைப் பற்றிய எழுத்துக் குறிப்பொன்று முதலில் கொடுக்கப்பட்டது. அக்குறிப்பு, படிப்பவர் முன்னர் விரும்புவதாகச் சொன்ன குணங்களோடு பொருந்தினால், அந்த ஆளை அவருக்குப் பிடித்தது, பொருந்தாவிட்டால் பிடிக்கவில்லை. ஆக, கடதாசியில் இருக்கும் ஆளைக் கடதாசியில் இருக்கும் விருப்பம் ஆளுகிறது. பின்னர் அதே இருவரும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். பேசியபின், குறிப்புப் பொருந்தியதா இல்லையா என்பது நாட்டத்தில் ஒரு தடயமும் விடவில்லை.

நம் நாட்டு வாரப் பத்திரிகைகளில் "மணமகன் தேவை" என்ற தலைப்பின்கீழ் வரும் விளம்பரங்களை நோக்குவோர்க்கு இது சற்றேனும் உறைக்கவேண்டும். வயது, உத்தியோகம், சாதி, கிரக நிலை, சீதனம் என்று அங்கே அடுக்கப்படுவதும் கடதாசி. அதை வாசித்து ஆளைத் தள்ளுவதும் கொள்ளுவதும் கடதாசியை வைத்தே. அமெரிக்க மாணவர்களைப் பற்றிய முடிவை நம்மவர்மேல் அப்படியே ஏற்றிவிட நாம் முயலவில்லை. இங்கே தேர்வு செய்பவர் பெரும்பாலும் மணக்கப்போகிறவர் அல்லவே! ஆயினும் தாளைப் படித்து நிராகரிக்கும்போது நிராகரிக்கப்படுவது மனிதனா, தாளா என்ற வினா அங்கும் இங்கும் ஒன்றுதான்.

இனி நாற்காலிக்கு வருவோம். பெண் இயல்பிலேயே தயங்குபவள், பொறுக்கியெடுப்பவள். ஆண் இயல்பிலேயே எவரையும் ஏற்கத் தயாரானவன் என்பது மேற்படி வாதத்தின் இன்னொரு கிளை. கருவைச் சுமப்பவள் பெண்ணாதலால் அவளுக்கு எச்சரிக்கை பிறவிக்குணமாயிற்று என்பார்கள். விரைவுச் சந்திப்புகளின் கணக்கைப் பார்த்தால் இது மெய்யென்றே தோன்றும். ஆண்கள் அதிகமானவர்களுக்கு "ஆம்" என்கிறார்கள். பெண்கள் குறைவானவர்களுக்கே சொல்கிறார்கள். பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட முடிவு இது.

ஆனால் இத்தகைய சந்திப்புகள் அநேகமாக அனைத்திலும் பெண்கள் அமர்ந்திருக்க, ஆண்களே எழுந்து நடந்து மேசைக்கு மேசை போகிறார்கள் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. அது மரியாதை, அது வழக்கம், அது கவனிக்கத்தக்கதென்று யாருக்கும் படவில்லை. பிங்கெலும் ஈஸ்ட்விக்கும் அதைக் கவனித்தார்கள். 350 மாணவர்களைக் கொண்டு பதினைந்து சந்திப்புகள் நடத்தினார்கள். எட்டில் வழக்கம்போல ஆண்கள் நகர்ந்தார்கள். ஏழில் ஆண்களை அமர்த்திவிட்டுப் பெண்களை நகரச் செய்தார்கள். 2009இல் முடிவு வெளியாயிற்று. ஆண்கள் நகர்ந்த சந்திப்புகளில் பெண்கள் கூடுதலாகப் பொறுக்கினார்கள், பழைய கதைதான். பெண்கள் நகர்ந்த சந்திப்புகளிலோ அந்த வித்தியாசம் அற்றுப்போயிற்று. பிறவிக்குணம் என்று போற்றப்பட்ட தயக்கத்தின் ஒரு பெரும்பங்கு, யார் எழுந்து போய் யாரிடம் நிற்கவேண்டும் என்ற ஏற்பாட்டில் அடங்கியிருந்தது.

இதற்கு அவர்கள் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. ஒன்றை நாடி உடல் நகரும்போது அதன்மேல் விருப்பம் வளர்கிறது. நகர்ந்து செல்பவருக்குத் தன்னம்பிக்கையும் கூடுகிறது. நகர்ந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும், அமர்ந்திருந்தவரைவிட அதிக நம்பிக்கையும் அதிக நாட்டமும் கொண்டிருந்ததைப் புள்ளிகள் காட்டின. நாற்காலியை இடம்மாற்றிப் பார்க்க எவருக்கும் தோன்றாதிருந்த அத்தனை ஆண்டுகளும், ஒரு மண்டபத்தின் ஒழுங்குமுறை மனித இயற்கை என்று பாடப்புத்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர்களின் தனிப்பட்ட நேர்மையை நாம் ஐயுறவில்லை. தாம் வாழும் சமுதாயத்தின் வழக்கங்கள் கண்ணுக்குத் தெரியாதவையாகப் போய்விட்டமையே அவர்களுடைய குறை. பெண்களின் அடக்கத்தைப் பற்றி மேடையேறிப் பேசும் நம்மவர் பலருக்கும் இக்குறை உண்டு என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

இதுவரை எதிர்த்தரப்பாரோடு பேசினோம். இனி நம் தரப்பாரோடு பேசவேண்டியிருக்கிறது; அது கூடுதலாகக் கசக்கும்.

எவன்ஸ்டன் முடிவைக் கண்டதும், "பார்த்தீர்களா! பணம், அந்தஸ்து எதுவும் காதலுக்குப் பொருட்டில்லை" என்று துள்ளியெழும் நண்பர்கள் இருக்கிறார்கள். வர்க்கத்தைப் பற்றி எந்நேரமும் பேசும் நாம், அந்த மண்டபத்துக்குள் யார் இருந்தார்கள் என்று ஒரு கணம் கேட்கவேண்டாமா? நோர்த்வெஸ்டேர்ன், அமெரிக்காவில் கட்டணம் மிகுந்த, நுழைவு கடினமான தனியார் பல்கலைக்கழகங்களுள் ஒன்று. அங்கே அமர்ந்திருந்த ஒவ்வொரு ஆணும் ஒவ்வொரு பெண்ணும் ஏறக்குறைய இருபது வயதினர்; ஒரே பட்டத்தை நோக்கிப் போகிறவர்கள். அவர்களிடையே "முன்னேறக்கூடியவன்", "முன்னேறமாட்டாதவன்" என்ற பேதம் எவ்வளவு இருந்திருக்கும்? துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன் எவனும் அந்த நாற்காலியில் அமரவில்லை. எல்லாரும் வயிறார உண்டவர்களாக இருக்கும் பந்தியில், உணவு எவர் நடத்தையையும் மாற்றவில்லை என்று கணக்கெடுப்பது போன்றது இது. அளக்கப்படும் பொருளில் ஏற்றத்தாழ்வு இல்லாதபோது, அதன் விளைவும் அளவில் தென்படாது.

இந்த ஓட்டையைச் சரியாகக் கண்டு குத்தியவர்கள் நம்மவர் அல்லர், எதிர்த்தரப்பார். நோர்மன் லீ என்ற உளவியலாளரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அந்தஸ்தில் தாழ்ந்தவர்களும் தோற்றத்தில் தாழ்ந்தவர்களாகக் கருதப்படுவோரும் சந்திப்பில் இடம்பெறுமாறு ஏற்பாடு செய்தார்கள். அப்போது மறைந்த பேதம் மீண்டும் தலைகாட்டிற்று. தோற்றத்தின் கீழ்ப்படியில் இருந்த பெண்களை ஆண்கள் கூடுதலாக ஒதுக்கினார்கள். அந்தஸ்தின் கீழ்ப்படியில் இருந்த ஆண்களைப் பெண்கள் கூடுதலாக ஒதுக்கினார்கள். நல்லது, மிகநல்லது என்பவற்றிடையே தேர்வு செய்யும்போது தாள் மௌனமாக இருக்கலாம். அடிமட்டத்தை விலக்கும்போது அது பேசுகிறது என்பது அவர்கள் வாதம். இந்தப் பேதத்துக்கு அவர்கள் தரும் ஆதிகால விளக்கத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் கண்ட உண்மையை ஏற்கமறுப்பது நமக்கு அழகன்று.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நடந்ததும் நம் நண்பர்களின் துள்ளலைச் சிறிது அடக்கும். ரே பிஸ்மன், ஷீனா ஐயங்கார், எமிர் கமெனிகா, இற்றாமர் சைமன்சன் ஆகியோர் 2002 முதல் 2004 வரை அங்கே பட்டமேற்படிப்பு மாணவர்களைக் கொண்டு நான்கு நிமிடச் சந்திப்புகளை நடத்தி, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மற்றவர்கள் இட்ட புள்ளிகளின் சராசரியைக் கொண்டு கணிக்கும் வழியை நாம் முன்னர் குறிப்பிட்டோமே, அதைக் கையாண்டவர்கள் இவர்கள். இங்கே ஆண்கள் தோற்றத்துக்குக் கூடுதலாகவும் பெண்கள் புத்திக்கூர்மைக்குக் கூடுதலாகவும் அசைந்தது தெரிந்தது. எவன்ஸ்டனில் மறைந்தது கொலம்பியாவில் முற்றாக மறையவில்லை. மேலும், செல்வம் மிகுந்த பகுதிகளில் வளர்ந்த ஆண்களைப் பெண்கள் கூடுதலாக ஏற்றார்கள். "சம்பாதிக்கும் வாய்ப்பு" என்ற பெயரில் கேட்டால் பிடிபடாத செல்வம், வளர்ந்த ஊரின் சாயலில், ஒருவேளை பேச்சிலும் உடையிலும் நடையிலும், மேசைக்கு வந்து அமர்ந்துவிடுகிறது போலும்.

அதே ஆய்வின் மற்றொரு முடிவு நம்மை நெடுநேரம் யோசிக்கவைத்தது. பெண்ணின் புத்திக்கூர்மையும் இலட்சிய வேகமும் ஆண்களுக்குப் பிடித்தே இருந்தன. ஆனால் அவை தம்முடையவற்றைத் தாண்டாத வரையில்தான். தாண்டியபோது ஆண்கள் அவற்றை மதிக்கவில்லை. புத்திசாலியான பெண்ணை விரும்பாத ஆண் எவன் என்று மேடைகளில் முழங்குவோர் இதைக் கவனிப்பது நன்று. அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்பது எவரோடு ஒப்பிட்டு என்பதில் தங்கியிருக்கிறது. வினாத்தாளில் அந்த ஒப்பீட்டுக்கு இடமே இல்லை.

ஆகவே நாம் நிற்கும் இடம் எது? தாள் ஆளைத் தேர்வதில்லை. எவர் அறைக்குள் வரலாம் என்பதைத் தேர்கிறது என்பதே நமது நிலைப்பாடு. இதற்கு வலுவான சான்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. மிஷேல் பெலோ, மார்கோ பிரான்செஸ்கோனி என்ற பொருளியலாளர் இருவர், அங்கே சந்திப்புகளை வியாபாரமாக நடத்தும் ஒரு நிறுவனத்தின் பதிவுகளைப் பெற்று ஆராய்ந்தார்கள். மாணவர் அல்லர், பலவித உத்தியோகம் பார்க்கும் ஆண்கள் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல், பெண்களும் அவ்வளவு. இவர்களும் வயது, உயரம், கல்வி ஆகியவற்றில் தம்மை ஒத்தவர்களையே நாடினார்கள். இதை மட்டும் பார்த்தால், "இனம் இனத்தோடு" என்ற விருப்பமே காரணம் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் இன்னொரு வினாவையும் கேட்டார்கள். அன்று மாலை அந்த அறையில் எத்தகையவர்கள் இருந்தார்கள்?

ஒரே வகையான விருப்பமுள்ள மனிதர் வேறுவேறு மாலைகளில் வேறுவேறு கூட்டத்தின் நடுவே அமர்கிறார். ஒரு மாலையில் உயர் உத்தியோகத்தர் பலர். இன்னொரு மாலையில் சிலர் மட்டுமே. விருப்பமே அரசன் என்றால், ஆள் குறைந்த மாலையில் அவர் வெறுங்கையோடு திரும்பவேண்டும். அவ்வாறு நடப்பதில்லை. இருப்பவர்களுள் தேர்கிறார். உத்தியோகம், உயரம், புகைபிடித்தல் போன்றவற்றில், யார் யாரைத் தேர்ந்தார் என்ற வேறுபாடு அநேகமாக முழுவதும் யார் அங்கே இருந்தார் என்பதாலேயே விளங்கிவிடுகிறது. வயதில் சொந்த விருப்பத்துக்குக் கூடுதலான பங்கு உண்டு. அங்கும் அது முதலிடம் பெறவில்லை. 2013இல் நூல்வடிவ ஆய்விதழில் இம்முடிவு வந்தது. காதலைப் பற்றிய அரட்டைகளில் இது ஏன் அடிபடுவதில்லை என்பது நமக்கு வியப்பு.

உத்தியோகத்தன் உத்தியோகத்தியை மணப்பதைக் கண்டு, "அவரவர் விருப்பம்" என்கிறோம். அவரவர் படித்த பள்ளி, குடியிருக்கும் தெரு, ஏறும் வண்டி, கட்டக்கூடிய அனுமதிக் கட்டணம் இவையெல்லாம் சேர்ந்து யாரை யார் எதிரே நான்கு நிமிடம் அமர்த்துகின்றன என்பதை நாம் பார்ப்பதில்லை. விருப்பம் செய்ததாக நினைக்கும் வேலையின் பெரும்பகுதியை வாசற்கதவு முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறது. கதவுக்கு அப்பால் தப்பித்தவறி ஒருவர் வந்து அமர்ந்துவிட்டாலோ, எழுதிய தாள் எவ்வளவு பலவீனமானது என்பதை எவன்ஸ்டன் காட்டுகிறது. அடிமட்டத்தார் வந்து அமர்ந்தால் தாள் மறுபடி விழித்துக்கொள்ளும் என்று லீ காட்டுகிறார். இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும்; தத்தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது.

கடைசியாக, தாளையே முதலாக வைத்து வியாபாரம் நடத்துவோரைப் பற்றிச் சில வார்த்தை. நூற்றுக்கணக்கான வினாக்களுக்கு விடை பெற்று, கணினியில் இட்டு, "உமக்கென்றே பிறந்தவரைக்" கண்டுபிடித்துத் தருவதாகக் கூறிப் பணம் வாங்கும் நிறுவனங்கள் மேலைநாடுகளில் நிறைய உண்டு. 2017இல் சமந்தா ஜோயல், ஈஸ்ட்விக், பிங்கெல் ஆகியோர் இந்தக் கூற்றை நேரடியாகச் சோதித்தார்கள். விரைவுச் சந்திப்புகளுக்கு முன்னர் மாணவர்கள் தம்மைப் பற்றியும் தமது விருப்பங்களைப் பற்றியும் அளித்த நூற்றுக்கும் மேற்பட்ட விடைகளைக் கணினியிடம் கொடுத்து, மிக நுட்பமான கணிப்புமுறைகளைக் கையாண்டு, யாருக்கு யார்மேல் நாட்டம் உண்டாகும் என்று முன்கூட்டிச் சொல்லுமாறு ஏவினார்கள். பொதுவாக எவர் பலரையும் விரும்புவார் என்பதைக் கணினி ஓரளவு சொல்லிற்று. பொதுவாக எவரைப் பலரும் விரும்புவர் என்பதையும் ஓரளவு சொல்லிற்று. ஆனால், இவ்விரண்டையும் கழித்தபின் எஞ்சுவது, அதாவது இந்த ஒருத்திக்குக் குறிப்பாக இந்த ஒருவன்மேல் ஏன் மனம் சென்றது என்பது, அதற்குச் சிறிதும் பிடிபடவில்லை.

அந்த நிறுவனங்கள் விலைபேசி விற்பது சரியாக அந்த எஞ்சியதைத்தான். தமது கணிப்புமுறையை வெளியிடுங்கள், பிறர் சோதித்துப் பார்க்கட்டும் என்று கேட்டால், அது வியாபார இரகசியம் என்பார்கள். இருக்கட்டும். அவ்வாறாயின், தம்மிடம் பணம் கட்டிப் பொருத்தம் பார்த்த ஜோடிகளையும், பொருத்தம் பாராது குலுக்கல் முறையில் எதிரெதிரே அமர்த்திய ஜோடிகளையும் ஒப்பிட்டு, முன்னவர்கள் எவ்வளவு மேலாக ஒத்துப்போனார்கள் என்பதையாவது அவர்கள் மக்கள் முன் வைக்கவேண்டும். அந்தச் சோதனைக்கு ஒரு மண்டபமும் சில நாற்காலிகளும் ஒரு மணியும் போதும்.